விரல் இடுக்கில் எரிச்சல், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை

கேள்வி: வலது காலில் மூணாவது, நாலாவது விரலுக்கு நடுவில், உள்ளங்காலின் முன்பக்கம் நெருப்பாக எரிகிறது. ஷூ போட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் தாங்க முடியவில்லை. கழற்றித் தேய்த்துவிட்டால் சரியாகிறது. சுகர் இல்லை, எக்ஸ்ரேயும் நார்மல். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நரம்பு தடித்திருக்கலாம் என்கிறார் ஒருவர். அப்படியா?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான். பிசியோதெரபிஸ்ட்டாக இந்த எரிச்சலோடு வருபவர்களை நிறையப் பார்க்கிறேன். 'கழற்றித் தேய்த்துவிட்டால் சரியாகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். சர்க்கரையாலோ பி12 குறைவாலோ வரும் எரிச்சல் பொதுவாக இரண்டு காலிலும் இருக்கும், எல்லா விரல் நுனியிலும் தொடங்கும், ராத்திரி படுத்த பிறகு வாட்டும். ஷூவைக் கழற்றினாலும் அடங்காது. உங்களுக்கோ ஒரே கால், ஒரே இடுக்கு, அதுவும் நடக்கும்போது மட்டும். எங்கோ நரம்பு நசுங்குகிறது என்றுதான் அர்த்தம். நசுங்கும் நரம்புக்கு வைட்டமின் மாத்திரை என்ன செய்யும்?

இதற்கு மார்ட்டன் நியூரோமா என்று பெயர். 1876-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த தாமஸ் மார்ட்டன் என்ற அறுவை மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு 'கட்டியா சார், கேன்சரா?' என்று கலங்கிப்போய் வருகிறார்கள். இது கட்டியே இல்லை. விரலுக்குப் போகும் நரம்பு, பாதத்தின் நீள எலும்புகளின் முன்முனைகளுக்கு நடுவே, அவற்றைக் குறுக்காகப் பிணைக்கும் ஒரு தசைநாரின் அடியில் நுழைந்து போகிறது. முன்பக்கம் குறுகலான ஷூ எலும்புகளை நெருக்கும். குதிகால் உயர்ந்திருந்தால் விரல்கள் மேல்நோக்கி மடங்கி, நரம்பு அந்தத் தசைநாரின் விளிம்பில் இழுபடும். தினமும் இப்படி உரசினால் நரம்பைச் சுற்றி நார்த்திசு படிந்து தடிக்கிறது. தடித்தது இன்னும் எளிதாக நசுங்குகிறது. மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவில்தான் அதிகம் வரும். நரம்பு எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் உங்கள் எக்ஸ்ரே நார்மலாக இருந்ததில் வியப்பில்லை.

ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கும் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், இதே புகாரோடு வந்தார். யூனிஃபார்மோடு கூர்மூக்கு ஹீல்ஸ் போட்டு ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். 'காலுக்கு அடியில ஒரு கல்லு மாட்டிக்கிட்ட மாதிரியே இருக்கு சார், ஷூவை உதறி உதறிப் பார்க்கிறேன், ஒண்ணுமில்ல' என்றார். நான் முதலில் மேல்பக்கமிருந்து ஒவ்வொரு எலும்பாக அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை. எலும்பின் மேலேயே வலித்து, புறங்காலில் வீக்கமும் இருந்தால் மயிரிழை முறிவைச் சந்தேகிக்க வேண்டும். அது முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம். பிறகு எலும்புகளுக்கு நடுவில், அந்த இடுக்கில் பெருவிரலால் கீழிருந்து அழுத்தி, இன்னொரு கையால் பாதத்தை இரு பக்கமும் சேர்த்துப் பிடித்தேன். விரலுக்கடியில் 'டக்'கென்று ஏதோ நழுவியது. அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார், எரிச்சல் விரல் நுனிவரை ஓடியதாம். அந்த இரண்டு விரல்களும் ஒன்றையொன்று பார்க்கும் பக்கங்களைப் பஞ்சால் தொட்டபோது மரத்த மாதிரி இருந்தது. இவ்வளவும் ஒத்துப்போனால் நோய் இதுதான் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். அல்ட்ராசவுண்ட் உதவும், ஆனால் வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் தடித்த நரம்பு தெரிவதுண்டு. ரிப்போர்ட்டை மட்டும் வைத்து யாரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

சிகிச்சை ஷூவில் தொடங்குகிறது. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு செய்தித்தாளின் மேல் வெறுங்காலோடு நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். அதன்மேல் உங்கள் ஷூவை வையுங்கள். அந்தப் பெண்ணுக்குக் கோடு ஷூவுக்கு வெளியே இரண்டு பக்கமும் தெரிந்தது. அப்படியானால் பாதம் தினமும் அந்த அளவுக்கு நசுக்கப்படுகிறது. முன்பக்கம் அகலமான, விரலை விரிக்க இடமுள்ள, குதிகால் தாழ்ந்த, அடிப்பகுதி எளிதில் வளையாத ஷூ வேண்டும். லேஸ் வைத்தது நல்லது, முன்பக்கம் தளர்த்திக்கொள்ளலாம். வீட்டிலும் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதைக் குறைத்து மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போடுங்கள். நுனிக்காலில் குந்தி உட்கார்ந்து பெருக்குவது, துடைப்பது எல்லாம் ஹீல்ஸ் போடுவது போல விரலை மடக்கும். கொஞ்ச நாள் வேண்டாம்.

அடுத்தது மெட்டாடார்சல் பேட், ஷூவின் உள்சோலில் ஒட்டும் சின்ன மெத்தை. கண்ணீர்த்துளி வடிவில் ஃபெல்ட்டிலோ ஜெல்லிலோ கிடைக்கும். அரை சென்டிமீட்டர் தடிமன் போதும். முக்கால்வாசிப் பேர் இதை எரியும் இடத்துக்கு நேர் கீழே ஒட்டிவிட்டு, 'போட்டேன், இன்னும் ஜாஸ்தியாச்சு' என்பார்கள். ஆகத்தான் செய்யும், நசுங்கும் இடத்திலேயே இன்னும் அழுத்தம் கொடுக்கிறோமே! பேட் அந்த இடத்துக்குப் பின்னால், குதிகால் பக்கமாக இருக்க வேண்டும். அது எலும்புகளைப் பின்னாலிருந்து தூக்கி அகற்றினால்தான் நரம்புக்கு இடம் கிடைக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க நான் குங்குமம்தான் பயன்படுத்துகிறேன். எரியும் புள்ளியில் கொஞ்சம் ஈரக் குங்குமம் தடவி, ஷூவைப் போட்டு ஒரு தடவை எழுந்து நின்றால் உள்சோலில் பொட்டு விழும். பேட்டின் முன்விளிம்பு அந்தப் பொட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் பின்னால் வரும்படி ஒட்டுங்கள். முதலில் மேடு மேல் நிற்பது போல உறுத்தும். தினமும் ஒரு மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டுங்கள். சில நாளில் எரிச்சல் கூடினால் இன்னும் சற்றுப் பின்னால் நகர்த்துங்கள். சர்க்கரை உள்ளவர்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தாங்களாக ஒட்டக் கூடாது, தெரியாமலே புண்ணாகிவிடும்.

அந்தப் பெண் டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து, ஹோட்டலில் வட்டமூக்குத் தட்டை ஷூவுக்கு அனுமதி வாங்கினார். பேட்டும் சேர்ந்து ஒன்றரை மாதத்தில் ஷிஃப்ட் முடியும்வரை நிற்க முடிந்தது. கல்யாண வீட்டுக்கு ஹீல்ஸ் போட்டுப் போனால் இன்னமும் எரிகிறது என்கிறார். தடித்த நரம்பு மெலிந்துவிடவில்லை, நசுங்காமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும் குறையாவிட்டால் ஆர்த்தோ டாக்டரைப் பாருங்கள். புறங்கால் வழியாக அந்த இடுக்கில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சிலருக்குப் பல மாதம் நிம்மதி, சிலருக்குச் சில வாரம். திரும்பத் திரும்பப் போட்டால் உள்ளங்கால் மெத்தைக் கொழுப்பு கரையும், எனவே அதற்கு எல்லை உண்டு. கடைசியாக ஆபரேஷன்: தசைநாரை வெட்டி நரம்பை விடுவிப்பது, அல்லது தடித்த நரம்பையே எடுப்பது. நரம்பை எடுத்தால் அந்த இரண்டு விரல்களும் ஒன்றையொன்று பார்க்கும் பக்கங்கள் நிரந்தரமாக மரத்துப்போகும். அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வெட்டிய நரம்பின் முனை மறுபடி புடைத்து, பழைய எரிச்சலைவிட மோசமாக வலிப்பதும் சிலருக்கு நடக்கிறது. ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் இந்த ஒன்றை டாக்டரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.