பல பக்கப் படங்களில் நீளும் அட்டவணையை ஒன்றாக்குவது எப்படி?

கேள்வி: ஒரே அட்டவணை நாலு பக்கப் படங்களில் இருக்கிறது. எழுத்தாக மாற்றிவிட்டேன். ஒன்றாக ஒட்டுவது எப்படி?

பதில்: முதலில் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும் தலைப்பு வரிகளை எடுத்துவிடுங்கள். அச்சு அசலாக ஒப்பிட்டால் சில தப்பிவிடும். 'தொகை' ஒரு பக்கத்தில் 'தொகே' என்று வந்திருக்கும். இரண்டாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியை மட்டும் முதல் பக்கத் தலைப்போடு ஒப்பிட்டு, பெரும்பாலான கட்டங்கள் ஏறக்குறைய ஒத்துப்போனால் நீக்குங்கள்.

அப்புறம்தான் பக்கம் மாறும் இடத்தில் உடைந்த வரிகள். தலைப்பு நடுவில் கிடந்தால் இரண்டு துண்டும் அடுத்தடுத்து வராது. ஓர் உதாரணம்:

```
பக்.2 கடைசி: 37 | எஃகுக் குழாய், | 14 | 2,100
பக்.3 முதல்:     | 20 மி.மீ.       |    |
```

வரிசை எண்ணும் இல்லை, தொகையும் இல்லை. ஆக, இது 37-இன் மிச்சம். விவரத்தை மேல் வரியின் விவரக் கட்டத்தோடு சேருங்கள். எண் இல்லாமல் தொகை மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம், அது பெரும்பாலும் இடைக்கூட்டுத்தொகை. சில சமயம் உடைந்த வரியின் தொகையே அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். மேல் வரியில் தொகைக் கட்டம் காலியா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியில் வரிசை எண்கள் விடுபடாமல், இரட்டிக்காமல் ஓடுகின்றனவா என்று பாருங்கள். 'முன்பக்கத் தொகை' வரிகளை நீக்குமுன் அதுவரையிலான கூட்டலோடு சரிபாருங்கள். பிசகினால் எந்தப் பக்கத்தில் என்று அதுவே காட்டிவிடும்.