ஆத்தாவின் மாத்திரை டப்பாவில் எத்தனை வைட்டமின் டி?

காரைக்குடியில் மருந்தாளுநராக இருக்கிறேன். கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடம்பில் மிஞ்சிப்போவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலான கேள்விகள் டி பற்றியே வந்ததால் பதில்களும் அந்தப் பக்கமே அதிகம்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு மகள்: ஆச்சி, எங்க ஆத்தாவுக்கு 70 வயசு. முழங்கால் வலிக்கு டாக்டர் வாரம் ஒரு 60,000 பொடி எழுதினார், எட்டு மாசமா பாலில் கலந்து குடிக்குது. காலையும் ராத்திரியும் கால்சியம் மாத்திரை. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பின எலும்புச் சத்து பாட்டிலில் தினம் ஒன்று. அசதிக்கு ஒரு மல்டிவைட்டமின். பிரஷர் மாத்திரையும் உண்டு. ஒரு மாசமா மலச்சிக்கல், வாய்க்கு ருசி இல்லை, தண்ணியா குடிக்குது, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்குது, பகலெல்லாம் தூக்கம். சுகர் பார்த்தோம், இல்லை. வயசாச்சுன்னு விட்டுடலாமா?

விடக்கூடாது. இன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் அனுப்பிய அட்டைப் படங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். வாரம் 60,000 யூனிட் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 8,570. சிங்கப்பூர் பாட்டில் தினம் 5,000. மல்டிவைட்டமினில் 1,000. கால்சியம் மாத்திரை ஒவ்வொன்றிலும் 250 டி3 இருக்கிறது, இரண்டுக்கும் 500. கூட்டினால் தினமும் 15,000 யூனிட்டுக்கு மேல். பெரியவர்கள் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் நீண்ட காலம் எடுத்துக்கொள்ளத் தக்க உச்ச வரம்பு நாளுக்கு 4,000.

வாரப் பொடியைத் தனியாகப் பார்த்தால் அதில் தப்பில்லை. குறைபாடு உள்ளவருக்கு எட்டு வாரம் போல அப்படிக் கொடுப்பது வழக்கம்தான். உங்கள் சீட்டிலும் எட்டு வாரம் என்றே இருக்கிறது. அதற்கு மேல் கடையில் கேட்டு வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அந்த டாக்டருக்குப் பாட்டில் தெரியாது, அண்ணனுக்குப் பொடி தெரியாது, மல்டிவைட்டமின் கொடுத்தவருக்கு இரண்டுமே தெரியாது.

15,000 என்ற அளவு எல்லோருக்கும் நஞ்சாகிவிடாது. பல மாதம் இப்படி எடுத்தும் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு. ஆனால் ஆத்தாவுக்கு இன்னும் இரண்டு சங்கதிகள் சேர்ந்திருக்கின்றன. மாத்திரை வழியாக மட்டும் தினம் 1,000 மில்லிகிராம் கால்சியம் உள்ளே போகிறது. அப்புறம் பிரஷர் மாத்திரை அட்டையில், டெல்மிசார்டனுக்கு அடுத்து குளோர்தாலிடோன் என்று ஒரு பெயர் இருக்கிறது பாருங்கள். சிறுநீரில் வெளியேற வேண்டிய கால்சியத்தை உடம்பிலேயே நிறுத்திவைக்கிற குணம் அதற்கு உண்டு. டி மிஞ்சினால் குடல் கால்சியத்தை அளவுக்கு மேல் உறிஞ்சும், எலும்பிலிருந்தும் ரத்தத்துக்கு இறங்கும். அப்படிக் கால்சியம் ஏறிய ரத்தத்தை வைத்துக்கொண்டு சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது. அதனால்தான் அந்தத் தாகமும் ராத்திரி எழுந்திருப்பதும். தண்ணீர் வற்ற வற்றக் கால்சியம் இன்னும் ஏறும். மலச்சிக்கல், ருசியின்மை, தூக்கம் எல்லாம் இதற்குப் பொருந்துகின்றன.

பார்க்கவேண்டியவை: கால்சியம், கூடவே ஆல்புமின், கிரியாட்டினின், 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, ரத்தக் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோனான பிடிஎச். கால்சியம் 10.5க்கு மேலும் டி 150க்கு மேலும் இருந்து, பிடிஎச் அடிமட்டத்தில் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. பொடி, பாட்டில், கால்சியம், மல்டிவைட்டமின் நான்கையும் இப்போதே நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை மாற்றுவதா என்று டாக்டர் சொல்வார். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஆளைத் தெரியாமல் பேசினாலோ ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். முதலில் சலைன் ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் மற்ற மருந்துகள்.

சிங்கப்பூரிலிருந்து அந்த அண்ணன்: தங்கச்சி காட்டினாள். நான் அனுப்பிய பாட்டிலில் வெறும் 125 என்றுதான் போட்டிருக்கிறது. 60,000க்கு முன்னால் 125 எந்த மூலைக்கு?

அந்த 125 மைக்ரோகிராம் கணக்கு. டி3-யில் ஒரு மைக்ரோகிராம் என்பது 40 யூனிட். 125ஐ 40ஆல் பெருக்குங்கள், 5,000 வரும். நம் ஊர்ப் பொடியில் யூனிட்டிலும் வெளிநாட்டுப் பாட்டிலில் மைக்ரோகிராமிலும் அச்சடித்திருப்பதால் பெரிய எண் பயமுறுத்துகிறது, சின்ன எண் கண்ணில் படாமல் போய்விடுகிறது. பெயரும் அப்படித்தான். ஒன்றில் வைட்டமின் டி3 என்றும் இன்னொன்றில் கோலிகால்சிஃபெரால் என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றே. முன்பக்கத்தில் எலும்பு பலம், மூட்டு, பெண்கள் நலம் என்று எது வேண்டுமானாலும் எழுதியிருக்கட்டும், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக் கூட்டினால்தான் கணக்கு தெரியும். நீங்கள் பாசத்தில் அனுப்பினீர்கள். அடுத்த முறை அனுப்புமுன் பின்பக்கத்தைப் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுவயலில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர்: நான் கடையில் இந்த நாற்பது கணக்கைத்தான் போடுகிறேன். கால்சியத்தோடு கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம் சேர்ந்த மாத்திரை இருக்கிறது. நாற்பதால் பெருக்கினால் 10 யூனிட்தான். அதைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம்தானே?

கணக்குப் போடும் பழக்கம் நல்லது, ஆனால் இந்த மாத்திரைக்கு அது செல்லாது. நாற்பது என்பது டி3-க்கு மட்டும். டி3 உள்ளே போனதும் முதலில் கல்லீரலில் ஒரு மாற்றம், பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். அந்த இரண்டாவது மாற்றத்தை உடம்பு தன் தேவைக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும். கால்சிட்ரியால் அந்த இரண்டையும் தாண்டி வந்த கடைசி வடிவம், நேராக வேலையில் இறங்கிவிடும். எனவே 0.25 சின்ன அளவே இல்லை. டி3-யோடு கூட்டாமல், தனி மருந்தாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வழக்கமான டி பரிசோதனை 25 ஹைட்ராக்ஸியைத்தான் அளக்கும், கால்சிட்ரியாலை அளக்காது. அதனால் டி சாதாரணமாக இருந்துகொண்டே கால்சியம் ஏறியிருக்கலாம். ஒரு வசதி, இது சில நாளில் அடங்கிவிடும். டி3 அப்படி இல்லை. அதன் சேமிப்பு வடிவம் ரத்தத்தில் பாதியாகவே இரண்டு மூன்று வாரம் ஆகும், கொழுப்பில் தங்கியதும் மெல்ல மெல்லத்தான் கசியும். வாரப் பொடி வாங்குகிறவர் இந்த மாத்திரையையும் கேட்டால் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: வைட்டமின் கூடினால் சிறுநீரில் போய்விடும் என்று படித்திருக்கிறேன். எங்கள் அப்பச்சி வார மாத்திரையைத் தினமும் போட்டுவிட்டார், மூன்று வாரம். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். பேசாமல் விடலாமா?

நீங்கள் படித்தது சி-க்கும் பி வகையில் பலவற்றுக்கும் பெருமளவு பொருந்தும். ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, சிறுநீரோடு எளிதில் போகாது. 21 நாளில் 12,60,000 யூனிட் போயிருக்கிறது, அதாவது 21 வாரத்து மருந்து. ஆள் நன்றாக இருப்பது நல்ல செய்திதான், ஆனாலும் இப்போது கால்சியம், கிரியாட்டினின் பார்த்துவிட்டு, டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் பாருங்கள், ஏறுவது பிந்தியும் வரலாம். கால்சியம் மாத்திரை எடுத்தால் அதையும் நிறுத்திவையுங்கள். இனி அட்டையிலேயே ‘ஞாயிறு மட்டும்’ என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

கண்டனூரிலிருந்து: அப்படியானால் செறிவூட்டிய பால், எண்ணெயை நிறுத்திவிட வேண்டுமா? ஆயா காலையில் வளவில் வெயில் காய்வதையும்?

வேண்டாம். செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வரைதான். சமையல் எண்ணெயில் ஒரு நாளைக்குச் சேர்வது நூற்றுச் சொச்சம். வெயிலால் டி நஞ்சாகாது, கூடுதலாக உண்டானதைத் தோலே சிதைத்துவிடும்.

உணவே காரணமான காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் குழந்தைகளின் பால் பொடி, தானிய மாவு, மீன் ஈரல் எண்ணெய் எல்லாவற்றிலும் தாராளமாக டி சேர்த்தார்கள். தனித்தனியே எல்லாம் சரி. எல்லாவற்றையும் சாப்பிட்ட குழந்தைகளுக்கு நாளுக்கு 4,000 யூனிட் வரை போனது. சில குழந்தைகளுக்குக் கால்சியம் ஏறி, வாந்தியும் எடை ஏறாமையும் வந்தன. 1957-இல் அளவுகளைக் குறைத்தார்கள். ஒரே அளவு சாப்பிட்டும் ஏன் சிலருக்கு மட்டும் வந்தது என்பதற்கு ஒரு பகுதி விடை பின்னாளில் கிடைத்தது: டி-யைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை முன்கூட்டியே முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பள்ளத்தூரிலிருந்து ஒரு மாமியார்: என் கேள்வி வேறே. மருமகளுக்கு மூணு மாசம். டாக்டர் கொடுத்த சத்து மாத்திரை, அதோட நான் கொடுக்கிற மீன் எண்ணெய் மாத்திரை, வாரம் ரெண்டு நாள் ஆட்டு ஈரல் வறுவல். கேரட் சாறு வேற. எதை நிறுத்தணும்?

அந்த மீன் எண்ணெய் அட்டையைப் படியுங்கள் ஆச்சி. மீன் உடம்பு எண்ணெய் என்றால் அதில் ஏ அநேகமாக இருக்காது. மீன் ஈரல் எண்ணெய் என்றால் ஏ, டி இரண்டும் இருக்கும். விலங்கிலிருந்து வரும் ரெட்டினால் வகை ஏ தினம் 10,000 யூனிட்டைத் தாண்டுவது முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். ஈரலில் அது மிகச் செறிவாக இருக்கிறது, ஒரு வேளை வறுவலே அந்த அளவைத் தாண்டிவிடும். ஈரலையும் ஈரல் எண்ணெயையும் பிரசவம் வரை விட்டுவிடுங்கள். கறியாக வேறு பகுதி போடுங்கள். டாக்டரின் மாத்திரை தொடரட்டும். கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின், உடம்பு தேவைக்குத்தான் அதை ஏ-யாக மாற்றும். நிறைய குடித்தால் உள்ளங்கை மஞ்சளாகலாம், அவ்வளவுதான்.

காரைக்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: எனக்குக் கால்சியம் 11.2. டி வெறும் 48. வாரப் பொடி நான்கே வாரம் எடுத்தேன். இதெல்லாம் அந்தப் பொடியால் வந்ததுதானே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை ஐயா. டி நஞ்சாகிக் கால்சியம் ஏறினால் டி எண் இதைவிடப் பல மடங்கு இருக்கும். கால்சிட்ரியால் மாத்திரை ஏதும் எடுக்கவில்லையா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பிடிஎச் பார்த்தாக வேண்டும். கால்சியம் ஏறியும் பிடிஎச் அடங்காமல் இருந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். அடங்கியிருந்தால் காசநோய் உட்பட வேறு காரணங்களை டாக்டர் தேடுவார். இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்து இன்னதென்று நான் சொல்ல முடியாது. பொடியையும் கால்சியத்தையும் நிறுத்திவைத்து, பிடிஎச் ரிசல்ட்டோடு உட்சுரப்பியல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்.