பயிற்சிக் கடிதங்களில் இருந்து விபரம் எடுப்பது: கேள்வி பதில்

ஹட்டன்: மூன்று பேட்ச் கடிதம் இருக்கு சேர். கொடுப்பனவை எல்லாம் மாதக்கணக்குக்கு மாத்தி ஒரே நிரலில் போடலாமா?

போடாதீங்க. ஒரு பேட்ச்சில் 'நாளொன்றுக்கு ரூ. 250' என்று இருந்தால், 22 நாளுக்கு 5,500, 26 நாளுக்கு 6,500. எந்த நாள்கணக்கு என்று கடிதம் சொல்லாதபோது நீங்கள் போடும் மாதத்தொகை வெறும் ஊகம். தொகை, அலகு, நிபந்தனை என்று மூன்று நிரல் வையுங்கள். நாலாவதில் கடிதத்தின் வரியை அப்படியே ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்த பேட்ச்சில் 'மாதாந்தம் ரூ. 7,500, இதில் ரூ. 1,500 வருகை 80% இருந்தால் மட்டும்' என்று வருகிறது என்று வையுங்கள். 7,500 என்று மட்டும் எழுதினால் தவறு. 6,000 ஒரு வரி, நிபந்தனையோடு 1,500 இன்னொரு வரி. தொகையே இல்லாத கடிதத்துக்கு 0 போடாமல் 'குறிப்பிடவில்லை' என்று எழுதுங்கள். 0 என்றால் கொடுப்பனவு இல்லை என்று அர்த்தமாகிவிடும்.

பதுளை: பி.டி.எஃப்.இல் 'மாதம்' என்று தேடினால் ஒன்றுமே வரல. ஸ்கேன் படம்தானே, ஓ.சி.ஆர். போட்டால் சரியாகிடும்.

ஸ்கேன் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எழுத்தைத் தெரிவுசெய்ய முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் அது பெரும்பாலும் பாமினி எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான்: மாதம் என்பது `khjk;`, பயிற்சி என்பது `gapw;rp`. அப்படியே தேடுங்கள்:

```
pdftotext -layout kaditham.pdf - | grep -nF "khjk;"
```

இலக்கங்கள் மாறாமல் வரும். சிங்களக் கடிதங்களிலும் பழைய எழுத்துருக்களில் இதே சிக்கல் உண்டு. அவற்றை மொழி தெரிந்த ஒருவர் ஒருமுறை பார்க்கட்டும்.

பண்டாரவளை: தங்கச்சிக்கு 6 மாசம் என்று கடிதம், ஆனா 01.03.2023 முதல் 01.08.2023 வரை. காசு எத்தனை மாசத்துக்குக் கேக்கலாம்?

காசு விடயத்தை இந்த ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஒப்பந்தப் பிரதியைப் பார்க்க வேணும். ஆனால் பதிவில் வைக்கவேண்டிய முரண் இது. திகதிப்படி 5 மாதமும் ஒரு நாளும். 6 மாதம் என்றால் 31.08.2023இல் முடிய வேணும். திகதிகள், '6 மாதம்' என்ற சொல் இரண்டையும் எழுதி, 'முரண்' என்று குறியிடுங்கள். நீங்களாகத் திருத்தவேண்டாம்.

ஹட்டன்: சான்றிதழ் நிரலில் எல்லாருக்கும் என்.வி.கியூ. 4 என்று போட்டுட்டேன் சேர்.

வினைச்சொல்லைப் பாருங்கள். 'வழங்கப்படும்' வேறு, 'மதிப்பீட்டுக்குத் தோற்றத் தகுதி பெறுவார்' வேறு. இரண்டாவதில் பரீட்சிப்பில் தேறினால்தான் தகைமை கிடைக்கும். 'பயிற்சி முடித்தமைக்கான சான்றிதழ்' என்றால் அது நிறுவனம் கொடுக்கும் தாள், என்.வி.கியூ. அல்ல. மூன்றையும் வெவ்வேறு குறியீட்டில் போட்டு, பழைய நிரலைக் கடிதத்தோடு திரும்ப ஒப்பிடுங்கள்.

பதுளை: பிறகு வந்த திருத்தக் கடிதத்தால் பழைய வரியை அழிச்சிடலாமா?

வேண்டாம். திகதியோடு புதுவரி சேருங்கள். திருத்தம் எந்தப் பந்தியை மாற்றுகிறது என்று சொல்லாமல் வந்தால், கடிதம் அனுப்பிய இடத்தில் எழுத்தில் கேட்கும்வரை அந்த வரி திறந்தே இருக்கட்டும்.