தொகையீட்டின் மதிப்பு எதைத் தாண்டாது?

கேள்வி: தொகையீட்டைப் போடாமலேயே அது எவ்வளவுக்கு மேல் போகாது என்று சொல்ல முடியுமா?

முடியும். தொகையீடு போடும் இடைவெளியில் சார்பு தொடும் மிகப் பெரிய மதிப்பை இடைவெளியின் நீளத்தால் பெருக்குங்கள். தொகையீடு அதைத் தாண்டாது. வளைகோட்டின் கீழுள்ள பரப்பு முழுவதும் அந்த உயரமுள்ள செவ்வகத்துக்குள் அடங்கிவிடுவதுதான் காரணம். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டி 2 மணி நேரத்தில் 120 கிலோமீட்டருக்கு மேல் போகாது, அதே கணக்குதான்.

∫₀¹ e^(−x²) dx எடுத்துக்கொள்வோம். வழக்கமான சூத்திரம் எதுவும் இதற்கு உதவாது. ஆனால் x கூடக் கூட e^(−x²) குறைகிறது; பெரிய மதிப்பு x = 0-இல், 1. நீளமும் 1. ஆக, விடை 1-ஐத் தாண்டாது. உண்மையான மதிப்பு சுமார் 0.747. கொஞ்சம் தாராளமான மதிப்பீடுதான். சரி, இடைவெளியை 0.5-இல் இரண்டாக வெட்டினால்? முதல் பாதியில் பெரிய மதிப்பு 1, இரண்டாம் பாதியில் x = 0.5-இல் வரும் 0.779. ஆக 0.5 × 1 + 0.5 × 0.779, அதாவது சுமார் 0.889. நெருங்கிவிட்டோம்.

பெரிய மதிப்பு எப்போதும் வலது முனையில்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அப்படிப் போட்டால் 0.368 வரும், அது உண்மையான விடையைவிடவே சிறியது.