வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கேள்வி: எனக்கு வயது 27. எழும்பூரில் ஒரு பெரிய மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் நான்கு நாள் பணி முடிய இரவு 10 மணி ஆகிவிடும். வீடு திருவொற்றியூரில், ரயில் நிலையத்துக்கும் தேரடிக்கும் நடுவில். சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால், இறங்கியபின் 7 நிமிட நடைதான். ஆனால் தண்டவாளத்தை ஒட்டிய சந்து வழியாகப் போக வேண்டும். மெட்ரோவில் வந்தால் தேரடியிலிருந்து 14 நிமிடம் நடக்க வேண்டும். பஸ்ஸும் இருக்கிறது. போன மாதம் சந்தில் ஒருவன் பின்னாலேயே வந்தான். அன்றிலிருந்து அம்மா வேலையை விட்டுவிடு என்கிறார். எந்த வழியில், எத்தனை மணிக்குள் வருவது நல்லது?
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

மெட்ரோவில் வாருங்கள். தேரடியில் இறங்கி அந்த 14 நிமிடத்தையும் நடந்தே போங்கள். எழும்பூர் மெட்ரோ நிலையத்துக்குள் இரவு 10.40-க்குள் நுழைந்துவிடுங்கள். அதற்கு மேல் தாமதமானால் அன்று வேறு ஏற்பாடு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கினால், பணி நேரம் மாறும்போது நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நாம் எல்லோரும் எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று புறப்படும் இடத்திலிருந்துதான் யோசிக்கிறோம். இரவுப் பயணத்தை வீட்டு வாசலில் தொடங்கிப் பின்னோக்கி எண்ண வேண்டும். வண்டிக்குள் இருக்கும்போது சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். இறங்கியபின் வரும் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் நீங்கள் தனி ஆள். எனவே அந்த நடையை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதில் கொண்டுபோய் விடும் வண்டியைப் பிறகு தேடுங்கள்.

உங்களுடைய இரண்டு நடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்டவாளச் சந்தில் ஒரு பக்கம் சுவர். அந்தப் பக்கம் திறக்கக் கதவு கிடையாது, எட்டிப் பார்க்க ஜன்னல் கிடையாது. நடுவழியில் ஒருவன் எதிரே வந்து நின்றால் திரும்பி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. தேரடி அப்படியல்ல. தியாகராஜ சுவாமி கோயில் தேர் நிற்கும் இடம் அது, நெடுஞ்சாலையின் மேலேயே இருக்கிறது. டீக்கடையும் மருந்துக்கடையும் ஷேர் ஆட்டோவும் இரவில் சற்று நேரம் கழித்தே அடங்கும். உள்ளே திரும்பினாலும் இருபுறமும் வாசல் வைத்த வீடுகள் உள்ள தெருவாகப் பார்த்துப் போகலாம். 7 நிமிடம் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த நடையில் எந்த இடத்திலும் குரல் கொடுத்தால் கேட்க ஆள் இருக்கும். நடைவழியை இதை வைத்துத்தான் அளக்க வேண்டும்: குரல் எட்டும் தூரத்தில் திறந்த கதவு இருக்கிறதா?

மின்சார ரயிலை நான் குறை சொல்லவில்லை. 22 ஆண்டுகள் இரவுப் பணிக்கு அதில்தான் போய் வந்தேன். ஒருநாள் கடைசிப் பெட்டியில் ஏறி, என் நிலையத்தில் இறங்கினேன். படிக்கட்டு நடைமேடையின் மறுமுனையில் இருந்தது. நடுவில் இருந்த விளக்குகள் எரியவில்லை. ரயில் கிளம்பிப் போனதும் அந்த நீளமான நடைமேடையில் நானும், சிமென்ட் பெஞ்சில் படுத்திருந்த ஒருவரும் மட்டும். அவர் அசையக்கூட இல்லை, ஆனாலும் என் கால் நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து எந்த வண்டியானாலும், இறங்கும் நிலையத்தில் படிக்கட்டுக்கு நேராக எந்தப் பெட்டி வந்து நிற்கும் என்று பார்த்துத்தான் ஏறுவேன். இறங்கும் கூட்டத்தோடு கூட்டமாக வெளியேற அதுவே வழி.

மகளிர் பெட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஆண்கள் ஏறுவது ரயில்வே சட்டப்படி குற்றம். பகலிலும் மாலையிலும் அதுதான் நமக்கு நல்ல இடம். ஆனால் இரவு பத்தரைக்கு மேல் அந்தப் பெட்டியில் நீங்கள் ஒருவர்தான் என்றால் ஏறாதீர்கள். நாலைந்து குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் பொதுப்பெட்டியே மேல். நடுவழியில் பெட்டி காலியாகிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள். ரயிலிலோ நடைமேடையிலோ தொந்தரவு என்றால் 139-ஐ அழைக்கலாம்.

இனி உங்கள் இரவைக் கடிகாரத்தோடு பார்ப்போம். 10 மணிக்குக் கணக்கு முடித்து, 10.10-க்குக் கடையை விட்டுக் கிளம்புகிறீர்கள். 10.20-க்கு எழும்பூர் மெட்ரோ. அங்கிருந்து சென்ட்ரல் ஒரே நிறுத்தம். சென்ட்ரலில் பச்சைத் தடத்திலிருந்து நீலத் தடத்துக்கு மாற வேண்டும். படியும் நடையுமாக 5 நிமிடம் ஆகும். இரவு 10 மணிக்கு மேல் வண்டிகளுக்கு இடையே கால் மணி நேரம் வரை இடைவெளி இருக்கும் என்பதால், காத்திருப்பையும் சேர்த்து 10.45-க்கு விம்கோ நகர் பக்கம் போகும் வண்டியில் ஏறிவிடுவீர்கள் என்று வையுங்கள். உயர்நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தியாகராயர் கல்லூரி, தண்டையார்பேட்டை வரை சுரங்கம். பிறகு வண்டி மேலே ஏறி, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை தாண்டினால் தேரடி. ஏறத்தாழ 11.10. வீட்டில் 11.25.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மெட்ரோ 11 மணி வரை ஓடும் என்கிறார்களே, அது முனைய நிலையங்களிலிருந்து கடைசி வண்டி கிளம்பும் நேரம். நடுவில் உள்ள நிலையத்துக்கு அந்த வண்டி வரும் நேரம் வேறு. உங்களுக்கோ இரண்டு தடங்களில் இரண்டு கடைசி வண்டிகள். ஒன்று தவறினால் மற்றதும் தவறலாம். எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கும், சென்ட்ரலிலிருந்து விம்கோ நகருக்கும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நிலைய அலுவலரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வண்டியில் போகத் திட்டமிடாதீர்கள். அதற்கு முந்தைய வண்டிதான் உங்களுடையது. கடைசி வண்டி, அது தவறினால் கைகொடுப்பதற்கு. நான் சொன்ன 10.40 இந்தக் கணக்கில் வந்ததுதான். நீங்கள் கேட்டு எழுதும் நேரத்தைப் பொறுத்து 5 நிமிடம் முன்னே பின்னே ஆகலாம்.

10.40-க்கு நிலையத்துக்குள் போக முடியாத நாளில், கடைக்குள்ளேயே இருந்து வாடகைக்காரோ ஆட்டோவோ பதிவு செய்யுங்கள். வண்டி வாசலுக்கு வந்தபின் வெளியே வாருங்கள். எண் பலகையைப் பார்த்து, பயண விவரத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். தெருவில் நின்று கை காட்டி நிறுத்துவதை அந்த நேரத்தில் தவிர்த்துவிடுங்கள். மாதத்தில் இரண்டு மூன்று முறை இந்தச் செலவு வரும் என்று முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். பணத்தை நினைத்துத்தான் பலர் தயங்கி நின்று நேரத்தைக் கடத்துகிறார்கள்.

பஸ்ஸிலும் இதே தயக்கம்தான். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 முதல் நமக்குக் கட்டணம் இல்லை. அது எத்தனை வீடுகளின் மாதச் செலவைக் குறைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் இரவு பத்தரை மணிக்கு ஆளில்லாத நிறுத்தத்தில், கட்டண பஸ்ஸை விட்டுவிட்டு இலவச பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நிற்காதீர்கள். முதலில் வருவதில் ஏறிவிடுங்கள். ஏறியபின் நடத்துநர் பார்வையில் படும் இருக்கையில் உட்காருங்கள். வடசென்னைக்கே உரிய இன்னொரு சிக்கல் கன்டெய்னர் லாரி. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கடலோரச் சாலையில் வரிசையாக நிற்கும்போது, லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் மட்டும் போகும் இடுக்குதான் மிஞ்சும். சாலையில் போகிறவர் கண்ணுக்கு அந்த இடுக்கில் இருப்பவர் தெரியமாட்டார். அந்தப் பக்கம் இறங்கி நடக்கும் வழி எதையும் இரவில் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் போன்ற சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கி பஸ்கள் சுற்றிப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் பஸ்ஸை நம்பி நேரம் குறிக்க வேண்டாம்.

தேரடியில் இறங்கியதும், உங்கள் தெரு இருக்கும் பக்கத்துப் படிக்கட்டில் இறங்குங்கள். நெடுஞ்சாலையை இரவில் கடக்க வேண்டியிராது. யாராவது அழைத்துப் போக வருவதாக இருந்தால் சாலையோரத்தில் நிற்காமல் நிலையத்துக்குள், காவலர் இருக்கும் இடத்தில் காத்திருங்கள். மறுபடியும் யாரோ பின்னால் வருவதாகத் தோன்றினால் வீட்டை நோக்கிப் போகாதீர்கள். வீடு எது என்று அவனுக்குத் தெரிய வேண்டாம். திறந்திருக்கும் கடைக்குள் நுழைந்து 112-ஐ அழையுங்கள். நெடுஞ்சாலையில் இருந்தால், பக்கத்தில் உள்ள மெட்ரோ தூணின் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். ‘தேரடி பக்கம்’ என்பதைவிட அது தெளிவான அடையாளம். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். அதை இன்றே பதிவு செய்து வையுங்கள். போன மாதம் பின்தொடர்ந்தவனைப் பற்றியும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அதே சந்தில் நடப்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்கமாட்டீர்கள்.

உங்கள் கடை முதலாளியிடமும் பேச வேண்டியது இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-இல் ஆணை வெளியிட்டபோதே, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க எழுத்துமூலம் சம்மதம் வேண்டும், போதிய பாதுகாப்பு வேண்டும், ஷிப்ட் முறையில் வரும் பெண்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. உங்கள் கடை இந்த ஆணைக்குள் வருகிறதா என்று கேளுங்கள். வாகனம் தர முடியாது என்றால், அந்த நான்கு நாட்களில் 9.45-க்கு விடச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் நீங்கள் ஒரு வண்டி முன்னதாகப் பிடித்துவிடலாம், இன்னும் அதிகக் கடைகள் திறந்திருக்கும்போதே தேரடியில் இறங்கலாம்.

அம்மாவை ஒருநாள் இரவு 11 மணிக்குத் தேரடிக்கு வரச் சொல்லி, வீடு வரை சேர்ந்து நடந்து பாருங்கள். எந்த வீட்டில் அந்த நேரத்திலும் விளக்கு எரிகிறது, எந்தத் திருப்பம் இருட்டாக இருக்கிறது என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். எரியாத தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு மறுநாள் காலை மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள். புகார் எண் கொடுப்பார்கள். விளக்கு எரியும் வரை அதைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.