நியூரோ ஓ.பி.ல ஒரு மாசம் உக்கார ஒரு பக்க லெட்டர் போதும், நகையை அடகு வைக்காதீங்க

போன வாரம் விருதுநகர் பக்கத்துல இருந்து ஒரு டீச்சரம்மா போன் பண்ணாங்க. பொண்ணு எம்.பி.பி.எஸ். ஃபைனல் இயர் பார்ட் ஒன் எழுதி முடிச்சிருக்கா, நியூராலஜி மேல ஆசை. டெக்சாஸ்ல இருக்கற சித்தப்பா "இப்பவே இங்க வந்து ஒரு மாசம் அப்சர்வர்ஷிப் பண்ணட்டும், ஏஜென்சி எல்லாம் ஏற்பாடு பண்ணிடும்"னு சொல்லிட்டாராம். ஏஜென்சி பீஸ், விசா, டிக்கெட், தங்கற செலவு எல்லாம் சேர்த்தா அஞ்சு லட்சத்தைத் தாண்டுது, கழுத்துல இருக்கறதை வச்சிடலாமா சார்னு கேக்கறாங்க.

வைக்காதீங்கம்மா. மனசு கஷ்டப்பட்டாலும் சரி, இதுல நான் வளைஞ்சு பேச மாட்டேன். அப்சர்வர்ஷிப்னா பாக்கறது மட்டும்தான், அங்க உங்க பொண்ணு ஒரு பேஷன்ட்டைத் தொடக்கூட முடியாது. அமெரிக்காவுல ரெசிடென்சிக்கு அப்ளை பண்றவங்க கிட்ட சமீபத்துல வாங்கின சிபாரிசு கடிதத்தைத்தான் எதிர்பாக்கறாங்க, உங்க பொண்ணு இன்னும் அதுக்கான முதல் படியான ஸ்டெப் ஒன் பரீட்சையே எழுதல, அவ அப்ளை பண்ற காலத்துல இந்த லெட்டர் பழசாயிடும். அவ அங்க போகப்போறாளான்னே அவளுக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கு நல்ல எண்ணம்தான், ஆனா கடன் கட்டப்போறது அவர் இல்ல.

அப்புறம் பொண்ணு கிட்ட தனியா பேசினேன். ஏம்மா நியூரோன்னு கேட்டேன். வீட்டுக்குப் பால் ஊத்தற அண்ணனுக்கு ஒரு நாள் வாய் கோணிப் போச்சாம், எல்லாரும் பக்கவாதம்னு அலறிட்டாங்களாம். இவ புருவத்தைத் தூக்குங்கண்ணேன்னு சொல்லி நெத்தியைப் பாத்திருக்கா, கோணின பக்கம் நெத்தியும் சுருங்கல. மூளையில பாதிப்புன்னா நெத்தி பொதுவா தப்பிச்சிடும், ஏன்னா அதுக்கு ரெண்டு பக்க மூளையில இருந்தும் சப்ளை இருக்கு, நெத்தியும் சேர்ந்து செயலிழந்தா முகத்து நரம்புலயே பிரச்சனைன்னு யோசிக்கணும். உடனே ஆஸ்பத்திரிக்கும் அனுப்பியிருக்கா, அங்கயும் அதையேதான் சொன்னாங்களாம். இதைச் சொல்றப்ப அந்தப் பொண்ணு குரல் மாறிச்சு பாருங்க, அதுக்கு மேல நான் வேற எதுவும் கேக்கல. நரம்பியல்னாலே ஸ்டூடண்ட்ஸ் மிரள்றதுக்கு நியூரோஃபோபியான்னு 1994லயே பேர் வச்சாச்சு, மத்தவங்க ஓடற இடத்துல இவ நிக்கறா.

அதனால எம்.டி., டி.எம். ரூட்டெல்லாம் இப்ப பேச வேணாம், அது எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லாதது ஒண்ணுதான், பக்கத்து ஊர்ல இருக்கற ஒரு நியூராலஜிஸ்ட்டுக்கு ஒழுங்கா ஒரு பக்கம் எழுதிக் கேக்கறது.

அவ எனக்கு அனுப்பின முதல் டிராஃப்ட் எப்படி இருந்துச்சுன்னா, சின்ன வயசுல இருந்தே மூளை மேல ஆர்வம்னு ஆரம்பிச்சு, உங்க கீழ வேலை செய்ய வாய்ப்பு, ஒரு ரிசர்ச் பேப்பர், கடைசியில சிபாரிசு கடிதம். எப்போ வரா, எத்தனை நாள், ஓ.பி.யா வார்டா, எதுவுமே இல்ல. ஓ.பி. முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு இதைப் படிக்கற டாக்டருக்கு ஒரே எண்ணம்தான் வரும், இந்தப் பொண்ணு என் தலையில எவ்வளவு வேலை கட்டப்போறா. பதில் வராது.

மாத்தி எழுதினோம். இங்கிலீஷ்லதான் போகும், விஷயம் புரியட்டும்னு தமிழ்ல தரேன்:

"டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் ஃபைனல் இயர் பார்ட் ஒன் எழுதி முடித்த மாணவி. மார்ச் 2 முதல் 28 வரை உங்கள் வெளிநோயாளர் பிரிவில் அமர்ந்து பார்க்க மட்டும் அனுமதி கேட்கிறேன். நோயாளியைத் தொட மாட்டேன், குறிப்புச் சீட்டைப் படம் எடுக்க மாட்டேன், நோயாளி வேண்டாமென்றால் வெளியே போய்விடுவேன். வலிப்பு நோயாளிகளிடம் நீங்கள் எப்படிக் கேள்வி கேட்கிறீர்கள் என்று கற்கவே முக்கியமாக வர விரும்புகிறேன். முழு மாதம் சிரமமென்றால் வாரம் இரண்டு ஓ.பி. நாட்கள் போதும். கல்லூரி அனுமதிக் கடிதமும் போனஃபைடும் இணைத்திருக்கிறேன்."

அவ்வளவுதான். சிபாரிசு கடிதம் பத்தி மூச்சு விடலை பாருங்க, அதை முதல் லெட்டர்லயே கேட்டா வந்த காரணமே அதுதான்னு ஆயிடும். வாரம் ரெண்டு நாள்னு ஒரு சின்ன வழி விட்டிருக்கறதும் யோசிச்சுதான், முழு மாசத்துக்கு முடியாதுன்னு சொல்றவர் ரெண்டு நாளுக்கு சரின்னு சொல்ல வாய்ப்பு அதிகம். ஒரே லெட்டரை இருபது பேருக்கு அனுப்பாம மூணு பேருக்கு தனித்தனியா எழுதட்டும், அந்த வலிப்பு வரி ஒவ்வொருத்தருக்கும் மாறணும், பார்க்கின்சன்ஸ் அதிகம் பாக்கறவருக்கு வலிப்பு பத்தி எழுதினா அவருக்கே தெரிஞ்சிடும். மெயில் போட்டு பத்து நாள்ல பதில் இல்லைன்னா ஒரே ஒரு தடவை பிரிண்ட் எடுத்துட்டுப் போய் ஓ.பி. முடியற நேரத்துல நேர்ல கொடுக்கலாம், அதுக்கு மேல துரத்த வேணாம். டீச்சரம்மா, நீங்க போன் பண்ணாதீங்க. தெரிஞ்ச கவுன்சிலர் மூலமா சொல்லியும் விடாதீங்க, மறுக்க முடியாம சரின்னு சொன்ன டாக்டர் அவளை ஒரு மூலையில உக்கார வச்சிட்டு திரும்பிக்கூட பாக்க மாட்டார்.

லெட்டர் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லைன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்க. பார்ட் ஒன் முடிஞ்சதும் விருப்பப்பட்ட துறையில கத்துக்க எலெக்டிவ்னு கொஞ்ச நாள் கொடுக்கறாங்க, அதை நியூராலஜில வெளிய செய்ய விடுவாங்களான்னு காலேஜ்ல முதல்ல கேக்கட்டும். விட்டா லாக் புக்ல அந்த டாக்டர் கையெழுத்தே கணக்குல வந்துடும். விடலைன்னா லீவு நாள்லதான், வேற வழி கிடையாது.

உள்ள போனப்புறம் என்ன பண்ணணும்? ஒரு சின்ன நோட்டு போதும். பேஷன்ட் கதவைத் திறந்து நாற்காலிக்கு வர்ற அந்த ஆறேழு அடியில நியூராலஜிஸ்ட் பாதி பாத்து முடிச்சிடுவார். ஒரு கை வீசி நடக்குது, இன்னொரு கை ஒட்டினாப்ல அப்படியே இருக்கு, உக்காந்ததும் மடியில விரல் மாத்திரை உருட்டற மாதிரி ஆடுது, தண்ணி டம்ளரை எடுக்கறப்ப அது நிக்குது, இதெல்லாம் பார்க்கின்சன்ஸ் பக்கம் கை காட்டும். வலிப்புன்னு வந்தா பேஷன்ட்டுக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஞாபகம் இருக்காது, கூட வந்த அம்மாகிட்டதான் முழுக்கதையும் இருக்கு, அவங்க கிட்ட டாக்டர் எதை முதல்ல கேக்கறார், தலை எந்தப் பக்கம் திரும்பிச்சுங்கறதா, தெளிய எவ்வளவு நேரம் ஆச்சுங்கறதா, அந்த வரிசையை எழுதணும். எம்.ஆர்.ஐ. படம் வெளிச்சத்துல தூக்கறதுக்கு முன்னாடி, பிரச்சனை மூளையிலயா, தண்டுவடத்துலயா, நரம்புலயா, நரம்பு தசையைத் தொடற இடத்துலயா, தசையிலயான்னு தன் கணிப்பை ஒரே வார்த்தையில எழுதிடணும். பேர், ஊர், போன் நம்பர் எதுவும் நோட்டுல வரக்கூடாது.

ரெண்டு வாரம் கழிச்சு நோட்டைத் திருப்பினா தெரிஞ்சிடும். தப்பான கணிப்பு எல்லாம் தண்டுவடத்துலயே வருதுன்னா எதைப் படிக்கணும்னு அவளுக்கே புரியும். நோட்டு அஞ்சு பக்கத்தோட நின்னு போச்சுன்னா, நாப்பதாவது தலைவலி பேஷன்ட் வர்றப்ப கண்ணு சொருகுதுன்னா, அதுவும் ஒரு பதில்தான், அஞ்சு லட்சம் கட்டாம கிடைச்ச பதில். இந்த ஒரு மாசத்தால நீட் பி.ஜி.ல ஒரு மார்க்கும் ஏறாது, அமெரிக்கால அனுபவமாவும் எடுத்துக்க மாட்டாங்க, அதையும் சொல்லிட்டேன். பொண்ணு சரின்னா. அம்மா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் சித்தப்பா கிட்ட யார் சொல்றதுன்னு கேட்டாங்க.

பொண்ணே சொல்லட்டும்மா. மூணு லெட்டர்ல முதல் லெட்டர் திங்கட்கிழமை போகுது.