அரிப்பு அடங்கலையே சிஸ்டர்!

தோல் வார்டில் பாதி, கிராமத்து சுகாதார நிலையத்தில் பாதி என்று என் நர்ஸ் உத்தியோகம் ஓடியது. அரிப்பைப் பற்றி எனக்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அவற்றில் சிரங்குதான் அதிகம் என்பதால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

"வீட்டுல நான், கணவர், மாமியார், எட்டு வயசு மகள், மூணு வயசுப் பையன். பையனுக்கு சொறி சிரங்கு. பெர்மெத்ரின் க்ரீம் தடவி நல்லாயிருச்சு. ஒரு மாசத்துல திரும்ப வந்துருச்சு. மருந்து டூப்ளிகேட்டா?"

வீட்டில் வேறு யார் யார் தடவிக்கொண்டீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. என் சந்தேகம் அங்கேதான். சிரங்குப் பூச்சி முதல் முறை ஒருவர் உடம்பில் ஏறினால் அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பக்கத்தில் படுப்பவருக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பையன் பாட்டியோடு படுக்கிறான் என்றால், குணமான பையன் மறுபடியும் பாட்டியிடமிருந்துதான் வாங்கியிருப்பான்.

அதனால் வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரி தடவ வேண்டும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். கணக்கைப் பாருங்கள். நீங்கள், கணவர், மாமியார் மூவருக்கும் ஆளுக்கு 30 கிராம் ட்யூப் ஒன்று. எட்டு வயது மகளுக்கு அரை ட்யூப், பையனுக்குக் கால் ட்யூப். ஆக நாலு ட்யூப். ஏழு நாள் கழித்து முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளுக்காக இன்னொரு முறை, அதற்கும் நாலு. ஒரே ட்யூபை ஐந்து பேர் பங்கு போட்டுக்கொண்டு "மருந்து வேலை செய்யலை" என்று வருகிற வீடுகளை நிறைய பார்த்திருக்கிறேன்.

"நாந்தான் மறுபடி எழுதுறேன். மாமியாருக்கு அரிப்பே இல்ல. 'எனக்கென்ன சீக்கா'ன்னு கோபப்படறாங்க."

சீக்கு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். "பேரனுக்குத் திரும்ப வரக்கூடாதுன்னு டாக்டர் எல்லாரையும் தடவச் சொன்னார்" என்று சொல்லி, அவர் கண் முன்னால் நீங்கள் முதலில் தடவிக்கொள்ளுங்கள். சிரங்கு என்றால் அழுக்கு என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. தினம் இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும். அந்த வெட்கம் போனால்தான் ஆட்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

"நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். குடும்பத்துக்குத் தடவக் கற்றுக்கொடுக்கும்போது எதை விட்டுவிடுவார்கள்?"

அரிக்கிற இடத்தில் மட்டும் தடவுவார்கள், அதுதான் முதல் தப்பு. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை போக வேண்டும். விரல் இடுக்கு, மணிக்கட்டின் உள்பக்கம், அக்குள், தொப்புள், மார்புக்கு அடி, இடுப்பில் துணி இறுகும் இடம், பிறப்புறுப்பு, பிட்ட இடுக்கு என்று வரிசையாகச் சொல்லுங்கள். நகத்தை ஒட்ட வெட்டச் சொல்லி, நகத்துக்கு அடியிலும் தேய்க்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கண், வாயை விட்டுவிட்டு முகத்திலும் தலையிலும்கூடத் தேவைப்படும். இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

வெந்நீரில் குளித்த சூட்டோடு தடவ வேண்டாம், உடம்பு ஆறிக் காய்ந்திருக்கட்டும். இரவு தடவினால் காலையில் குளிக்கலாம், 8 முதல் 14 மணி நேரம். நடுவில் சாப்பிட்டுக் கை கழுவினால் கையில் திரும்பத் தடவ வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

பூச்சி துளைத்த தடத்தையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். பென்சிலால் லேசாகக் கீறியது போல அரை சென்டிமீட்டர் கோடு, நுனியில் ஒரு பொட்டு. அதன் மேல் பேனா மையைத் தேய்த்து ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால், மை கோட்டுக்குள் மட்டும் நின்றுவிடும்.

"பூச்சி துணியிலதானே இருக்கு? மெத்தை, பாய், துணி எல்லாத்தையும் கொதிக்க வெச்சாலே போதும். எங்க வீட்டுல வேப்பிலைத் தண்ணியில குளிச்சே சரியாச்சு."

துணியைப் பற்றிச் சொன்னது பாதி சரி. பூச்சி வாழ்வதும் முட்டை போடுவதும் தோலுக்குள். உடம்பை விட்டு இறங்கினால் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். ஆகவே தடவிய மறுநாள் காலை, முந்தைய மூன்று நாளில் உடுத்திய துணி, போர்வை, துண்டு இவற்றைச் சூடான தண்ணீரில் துவைத்து வெயிலில் போட்டால் போதும். துவைக்க முடியாததை ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி நாலு நாள் மூலையில் வையுங்கள். மெத்தையை எரிக்க வேண்டாம். வேப்பிலைத் தண்ணீரில் அரிப்பு கொஞ்சம் தணியலாம், அதை நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள்.

"இரண்டு முறையும் ஒழுங்காத் தடவிட்டோம். பத்து நாளாகியும் அரிக்குது. மூணாவது முறை தடவட்டுமா?"

பொறுங்கள். செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலுக்குள் இருக்கும்வரை அரிக்கும், இரண்டிலிருந்து நாலு வாரம் வரை. சும்மா தடவிக்கொண்டே இருந்தால் தோல் காய்ந்து எரிச்சல்தான் கூடும். புதுக் கொப்புளம், புதுக் கோடு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால், அல்லது நாலு வாரம் தாண்டினால், டாக்டரிடம் போங்கள். சொறிந்த இடத்தில் சீழ் வைத்தாலோ, குழந்தையின் முகம் வீங்கி சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனாலோ அன்றைக்கே போக வேண்டும். சிரங்குப் புண்ணில் சேரும் கிருமியால் சிறுநீரகம் பாதிக்கலாம்.

"எனக்கும் இதேதான் சிஸ்டர். தொடையில வட்டமா இருந்துச்சு. மெடிக்கல் ஷாப் க்ரீம் போட்டதும் போயிடும், நிறுத்தினா இன்னும் பெருசா வரும். எனக்கும் பெர்மெத்ரின் போடலாமா?"

உங்களுக்கு இதே இல்லை. ஓரம் தடித்து நடு வெளுத்த வட்டமாக இருந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை, பூஞ்சை. பெர்மெத்ரின் அதை ஒன்றும் செய்யாது. அந்த ட்யூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இவை ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், அடியில் பூஞ்சை சுகமாகப் படரும். பிறகு வட்டமே கலைந்துபோய் டாக்டருக்கே அடையாளம் தெரியாது.

அந்த க்ரீமை நிறுத்துங்கள். சில நாள் அரிப்பு கூடும், அதற்குப் பயந்து திரும்ப எடுக்காதீர்கள். ட்யூபைக் கையோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லலாம், மாத்திரையும் தேவைப்படலாம். பூஞ்சை க்ரீமை வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை தடவி, மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். துண்டு, ஜட்டி தனி. வீட்டில் யாருக்கு இருந்தாலும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

"பொண்ணுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான். அங்கன்வாடியில் 'ஒட்டிக்கும்'னு சேர்க்கத் தயங்கறாங்க. டாக்டர் கொடுத்தது ஸ்டீராய்டுன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டேன்."

கரப்பான் ஒட்டாது. டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுங்கள். ஸ்டீராய்டைப் பற்றி மேலே திட்டினேன், இங்கே அதுவே மருந்து. பெரியவர் ஆள்காட்டி விரலின் முதல் ரேகை வரை பிழிந்த அளவு, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். டாக்டர் சொன்ன நாள் வரை அதைப் போடுங்கள். குளித்துத் துடைத்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரைத் தாராளமாகத் தடவுங்கள்.

ஆனால் வீட்டில் இன்னொருவருக்கும் ராத்திரி அரிப்பு இருந்தால் கரப்பான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு வார்டில், உடம்பெல்லாம் செதில் தடித்த பெரியவரைக் கரப்பான் என்றே வைத்திருந்தோம். ஒன்றரை மாதத்தில் எங்களில் மூன்று நர்ஸ்களுக்கு விரல் இடுக்கில் அரிப்பு. அவருக்கு இருந்தது பூச்சி பல்லாயிரமாகப் பெருகும் சிரங்கு. கையுறை போடாமல் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியது நான்தான்.

"பெர்மெத்ரினே இப்போ பூச்சிக்குப் பழகிப்போச்சுங்கிறாங்களே, நிஜமா?"

தோல் டாக்டர்களிடையே அந்த வாதம் நடக்கிறது. பூச்சி பழகிவிட்டதா, நாம் தடவுவதில்தான் குறையா என்பதில் ஒருமித்த பேச்சு இல்லை. நான் முதலில் கேட்பது காலி ட்யூப் எத்தனை என்றுதான். ட்யூப் கணக்கும் சரி, எல்லோரும் ஒரே ராத்திரி தடவியதும் சரி என்றால் ஐவர்மெக்டின் மாத்திரை பற்றி டாக்டரைக் கேளுங்கள். கர்ப்பிணிக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் அதை வழக்கமாகக் கொடுப்பதில்லை.